பிஸ்தா நிறம் யாருக்குப் போனது

ஜாக்ருதியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கண்ணைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சூரத் ரிங் ரோட்டுச் சந்தையில், புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி விற்கும் மேட்சிங் கடை ஒன்றில் ஒன்பது வருஷம் நின்றவள். யாராவது ஒரு நூலைக் கொண்டுவந்து நீட்டினால், அதை வாசல்வரை எடுத்துப்போய் வெயிலில் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள். "குழல் விளக்கு பொய் சொல்லும்" என்பாள். திரும்பி வந்து, முந்நூறு சுருள்களுக்கு நடுவே அவள் கை விடும் இடத்தில் அந்த நிறம் இருக்கும். சிவப்பில் மட்டும் பதினான்கு சாதி அவளுக்குத் தெரியும்.

அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் பிபின் பாய் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார். அவருடைய 'பர்ணிகா' கடைக்குத் தெருவில் கதவு கிடையாது. குர்த்தி விற்பதெல்லாம் செல்பேசிச் செயலிகளில்தான். அதே ஊரில் பூணா பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே நான்கு கணினிகள். பிபின் பாயும் அவர் தங்கை கணவர் கேதனும் கூட்டாளிகள். தங்கையைக் கட்டியவர் என்பதால், பத்து வயது இளையவராக இருந்தும் "கேதன்குமார், கேதன்குமார்" என்று மரியாதையாகத்தான் அழைப்பார் பிபின் பாய். அந்த மரியாதைக்குள் பாசம் எவ்வளவு இருந்தது என்பது வேறு சங்கதி.

ஜாக்ருதி மூன்று மாதம் வகுப்புக்குப் போய்க் கணினியில் படம் திருத்தக் கற்றுக்கொண்டாள். அவள் வேலை இதுதான். மாடல் பெண் அரைநாளுக்குத்தான் வருவாள். பத்து நிறத்துக் குர்த்தியை மாற்றி மாற்றிப் போட்டுப் படமெடுக்க நேரமும் இராது, பத்து நிறமும் அப்போது சாயமேறித் தயாராகவும் இராது. அதனால் ஒரே ஒரு குர்த்தி, பாலாடை நிறத்தில், ஒரே ஒரு படம். மற்ற ஒன்பதும் ஜாக்ருதியின் திரையில் பிறக்கும்.

பாலாடை நிறம் வேண்டும் என்று அடம்பிடித்தவளும் அவள்தான். கறுப்பை எடுத்து வெளுப்பாக்கப் பார்த்தால் மடிப்பெல்லாம் செத்துப்போயிருக்கும். வெளிர் நிறத்திலிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். முதலில் துணியின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாக வைத்துச் சுற்றி வளைப்பாள். கழுத்துப் பட்டியில் இருக்கும் ஜரிகைக்குத் தனி வளையம், ஏனென்றால் துணி நீலமானாலும் ஜரிகை பொன்னாகத்தான் இருக்க வேண்டும். துப்பட்டாவின் கீழே தோல் தெரியும் இடத்துக்கு இன்னொன்று. பிறகு மேஜையில் சாயமேறிய துண்டுத் துணியை வைத்து, பகல்வெளிச்ச விளக்கைப் போட்டு, அதற்குப் பொருந்தும்வரை நிறத்தையும் அடர்த்தியையும் நகர்த்துவாள். நிறத்தை மட்டும் மாற்றினால் போதாது. கருநீலத்துக்கு நிழலை இறக்க வேண்டும், வெளிர் மஞ்சளுக்கு ஏற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை உண்டு. அதை மற்ற யாரும் செய்ய மாட்டார்கள். சிவப்புத் துணி உடுத்தினால் தாடைக்கு அடியிலும் முழங்கையின் உட்புறத்திலும் லேசாகச் சிவப்பு அடிக்கும். பாலாடைத் துணி அப்படி எதையும் அடிக்காது. அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் அந்தச் சாயலை அவள் கையாலேயே, புகைபோல, தோல்மேல் பூசுவாள். "இதை யாரு பார்க்கப்போறாங்க, அக்கா?" என்பாள் பக்கத்து இருக்கை மீனல். படங்களைச் செயலியில் ஏற்றுகிறவள் அவள்.

"யாரும் பார்க்கமாட்டாங்க. ஆனா இல்லேன்னா என்னமோ தப்புன்னு தோணும்" என்பாள் ஜாக்ருதி.

நவராத்திரிக்கு முந்தைய விற்பனை தொடங்கிய ஆகஸ்டில், மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில், கேதன் செல்பேசியை நீட்டியபடி உள்ளே வந்தார். வாங்க வந்த ஒருத்தி கேள்விப் பெட்டியில் எழுதியிருந்தாள்: 'இதே படம் இன்னொரு கடையில் பாதி விலைக்கு இருக்கிறதே, எது அசல்?'

அந்த இன்னொரு கடையின் பெயர் 'மயூரி க்ரியேஷன்'. குர்த்தி அதேதான். மாடல் பெண்ணின் முகத்தை உதட்டோடு வெட்டியிருந்தார்கள். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள், இடப்பக்கம் தொங்க வேண்டிய குஞ்சம் வலப்பக்கம் தொங்கியது. பர்ணிகாவில் இல்லாத நிறங்கள் ஆறு: ரோஜா, ஆகாய நீலம், கடுகு மஞ்சள் என்று.

"கோப்பு யார்கிட்ட இருக்கு?" என்றார் கேதன். யாரிடம் என்று அவருக்கே தெரியும். வளையங்களெல்லாம் அடுக்கடுக்காக இருக்கும், நிறம் மாற்றுவதற்கான அடுக்குக் கோப்பு ஜாக்ருதியின் கணினியில் மட்டும்தான் இருந்தது.

"என்கிட்டதான்" என்றாள்.

"அப்ப வெளிய போனது எப்படி?"

பிபின் பாய் தன் இருக்கையில் சாய்ந்து அப்பளம் போன்ற காக்ராவை உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். "சும்மா இருங்க, கேதன்குமார். ஜாக்ருதி பென் நம்ம வீட்டு மனுஷி மாதிரி" என்றார். பென் என்றால் அந்த ஊரில் சகோதரி. பிறகு கொஞ்சம் மென்றுவிட்டு, "ஆனா வீட்டு மனுஷிதானே எதையும் எடுக்க முடியும்" என்று சிரித்தார். மீனலும் சிரித்தாள். ஜாக்ருதிக்குக் காது சுட்டது.

மறுநாள் அவள் இருக்கைக்கு நேர் மேலே கேமரா வந்தது. கணினியின் பின்புறத் துளைகளில் மெழுகுபோல எதையோ ஊற்றி அடைத்தார்கள். போகும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்தான் காவலாளி, தேப்லா ரொட்டி இருந்த இடத்தில் பென்டிரைவ் இருக்குமோ என்று.

சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒருத்தர் மேல் விழுந்தால் அங்கேயே நிற்காது, தொட்டவரையெல்லாம் ஒட்டும். ஜாக்ருதி மீனலைச் சந்தேகித்தாள். தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது கணினி திறந்துதானே கிடக்கிறது? மீனலும் சும்மா இல்லை. "அக்கா, போன மாசம் புதுசா மிக்சி வாங்கினீங்களே, தவணையிலயா?" என்று வெள்ளைமனசாய்க் கேட்டாள்.

"தவணையிலதான். ரசீது வேணுமா?"

"ஐயோ, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிறவங்க விலையைக் கேப்பாங்க, வாங்கின வழியைக் கேக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி திரையை ஒருத்தி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் ஓடியது.

ஜாக்ருதியின் கணவன் மன்சுக் வைரம் தீட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவன். மாலையில் தேநீர் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"பன்னெண்டு வருஷமா எனக்கு வாசல்ல பாக்கெட்டைத் தடவுறாங்க, செருப்பைக் கழட்டச் சொல்றாங்க. ஒருநாள் வாயைத் திறக்கச் சொன்னான். திறந்து காட்டினேன், கடைசிப் பல்லு சொத்தைன்னு அவன்தான் சொன்னான்" என்றான்.

"உன் பட்டறையில எல்லாரையும் தடவுறாங்க. எங்க கடையில என்னை மட்டும்."

"அது வித்தியாசந்தான்" என்று ஒப்புக்கொண்டான். "நீ எடுக்கலையே?"

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். அந்த ஒரு கேள்விதான் அவளைக் கிளப்பியது. கட்டியவனே கேட்டுவிட்டான் என்றால் ஊர் கேட்காதா?

அதற்குமுன் அவள் மயூரியின் படங்களைக் கோபத்தோடுதான் பார்த்திருந்தாள். அன்றைக்கு மேட்சிங் கடைப் பெண்ணாகப் பார்த்தாள். ரோஜா நிறக் குர்த்தியைப் பெரிதாக்கினாள். துணியின் ஓரம் பல்லுப் பல்லாக இருந்தது. ஜரிகையும் பாதி ரோஜாவாகியிருந்தது. செல்பேசிச் செயலி ஏதோ ஒன்றில் விரலால் தேய்த்த வேலை. தன் அடுக்குக் கோப்பு கிடைத்திருந்தால் எவனாவது இப்படி ஜரிகையைக் கெடுப்பானா? வளையங்கள் எல்லாம் அதில் தயாராக இருக்கின்றனவே. ஆக, கோப்பு போகவில்லை. முடிந்த படம் ஒன்றிலிருந்துதான் செய்திருக்கிறார்கள்.

எந்தப் படம்?

தாடைக்கு அடியில் பார்த்தாள். ரோஜாத் துணிக்கு மேலே தோலில் மெல்லிய பச்சை. கண் மயங்குகிறதோ என்று, புள்ளியின் நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவியை அங்கே வைத்தாள். பச்சைதான் ஏறியிருந்தது. ஆகாய நீலத்திலும் பச்சை. கடுகு மஞ்சளிலும் பச்சை. முழங்கையின் உள்ளே, தோளில் புரளும் முடியிழைகளின் நடுவே, எல்லாவற்றிலும் அதே வெளிறிய, மஞ்சள் கலந்த பச்சை. அவள் கையால் பூசிய பச்சை. துணியை மாற்றியவர்களுக்குத் தோலில் இருந்ததை மாற்றத் தோன்றவில்லை.

பர்ணிகாவின் பக்கத்தைத் திறந்து விற்பனையில் இருந்த நிறங்களைப் பார்த்தாள். பாலாடையோடு சேர்த்து ஒன்பது. பச்சையில் ஒன்றே ஒன்று, அதுவும் பாட்டில் பச்சை, இருட்டு. அதன் சாயல் இதல்ல.

இது பிஸ்தா.

பிஸ்தா கடைக்கு வரவே இல்லை. ஜூலையில் ஒருநாள் பிபின் பாய் தனியாக வந்து, "பத்தாவதா ஒரு பிஸ்தா போட்டுப் பாருங்க பென். க்ரூப்ல போடாதீங்க, என் நம்பருக்கு மட்டும் அனுப்புங்க. கேதன்குமார் பார்த்தா, இத்தனை நிறம் எதுக்குன்னு ஆரம்பிச்சிடுவார்" என்று சொன்னார். செய்து அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து, சாயப்பட்டறைக்காரன் அந்த நிறம் வராது என்று சொல்லிவிட்டான், விட்டுவிடுங்கள் என்றார். மீனலிடம்கூடப் போகாத படம். கணினியிலிருந்து அது போன ஒரே இடம் பிபின் பாயின் செல்பேசி.

இதை மன்சுக்கிடம் சொன்னாள்.

"முதலாளி திருடினதை முதலாளிகிட்டயே சொல்லப்போறியா?"

"தன் கடையில தானே எதுக்குத் திருடணும்?"

"பங்கு கொடுக்க வேண்டாத கடையா இருந்தா?" என்றான் அவன்.

அவள் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. இருந்தாலும் உடனே நம்பவும் மனசில்லை. பிபின் பாய் படத்தைச் சாயப்பட்டறைக்குக் காட்டியிருக்கலாம், அங்கே ஒருவன் எடுத்திருக்கலாம். ஒருத்தர்மேல் தப்பாகச் சந்தேகம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அந்த வாரம்தான் அவள் படித்திருந்தாள். அதனால் சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் முதலாளிகளே வாயைத் திறக்க வைத்தார்கள். இருவரும் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. 'என் கவனக்குறைவால் படக்கோப்பு வெளியே போயிற்று. வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன்' என்று.

"போலீஸ் அது இதுன்னு போக வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றார் பிபின் பாய், குரலில் தேன் ஒழுக. "கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா போங்க. இந்த மாசச் சம்பளம் முழுசா வரும். உங்க புருஷன் வேலை பார்க்கிற இடத்துக்கும் தெரிய வேண்டாமே."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். வைரப் பட்டறையில் திருட்டுப் பேச்சு காதில் விழுந்தால் போதும், மன்சுக்கின் பன்னிரண்டு வருஷமும் போகும்.

"கையெழுத்து போடறேன்" என்றாள் ஜாக்ருதி. "அதுக்கு முன்னாடி கேதன் பாய் ஒரு தடவை என் திரையைப் பார்க்கட்டும்."

"எதுக்கு? அதான் பார்த்தாச்சே" என்றார் பிபின் பாய்.

"நீங்க பார்த்தது துணியை. நான் காட்டப்போறது தோலை."

கேதனுக்கு ஆர்வமோ எரிச்சலோ, எழுந்து வந்தார். அவள் மயூரியின் ஆறு படங்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் தாடைக்கு அடியில் கருவியை வைத்து எண்களைக் காட்டினாள். பர்ணிகாவின் ஒன்பது நிறங்களிலும் அதே இடத்தைக் காட்டினாள். எதுவும் பொருந்தவில்லை. பிறகு யாரும் பார்க்காத பத்தாவதைத் திறந்தாள்.

"இது என்ன நிறம்? நான் பார்த்ததே இல்லையே" என்றார் கேதன்.

"பிஸ்தா. பாருங்க, எண் அதேதான். இந்தப் படத்தைத் திருப்பிப்போட்டு, மேல நிறத்தை ஏத்தியிருக்காங்க. தோல்ல இருக்கிற பச்சையை விட்டுட்டாங்க."

"இது யார்கிட்ட இருந்தது?"

ஜாக்ருதி தன் செல்பேசியை எடுத்து, ஜூலை மாதச் செய்தியைத் தேடி, திரையை அவர் பக்கம் திருப்பினாள். படம், அதற்குக் கீழே 'நல்லா இருக்கு பென்' என்று பிபின் பாயின் பதில்.

உள்ளறைக் கதவருகே நின்ற பிபின் பாய் சிரிக்கப் பார்த்தார். "சாயப்பட்டறை ரமணீக்குக்கு அனுப்பினேன். அவன் வேலையா இருக்கும். இன்னிக்கே அவனை ஒரு கை பார்க்கறேன்."

"அனுப்பினதைக் காட்டுங்க" என்றார் கேதன்.

"அதெல்லாம் அழிச்சிட்டேன்."

"அப்ப ரமணீக்கை கூப்பிடுவோம். இங்கயே, சத்தமா கேக்கிற மாதிரி."

"கேதன்குமார், ஒரு வேலைக்காரி முன்னாடி வச்சு என்கிட்ட கணக்குக் கேக்கறீங்களா?"

"போனைக் கொடுங்க, மோட்டாபாய்."

மூத்த அண்ணனைக் கூப்பிடும் அந்தச் சொல்லை அவர் அதுவரை கடையில் பயன்படுத்தியதில்லை. பிபின் பாய் செல்பேசியைச் சட்டைப்பையில் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். மழை ஜன்னலில் அடித்தது. மீனல் விசைப்பலகையில் கைவைத்தபடி அசையாமல் இருந்தாள். பிபின் பாயின் கை சட்டைப்பையைவிட்டு நகரவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

மிச்சமெல்லாம் இரண்டு வாரத்தில் வெளியே வந்தது. மயூரி க்ரியேஷன் பிபின் பாயின் மைத்துனன் பெயரில், மனைவிவழிச் சொந்தம். பர்ணிகாவின் குர்த்தியையே மட்டமான ரேயானில் தைத்து விற்றிருக்கிறார். கடையில் இருக்கும் படத்தைப் போட்டால் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று, கடைக்கு வராத ஒரு நிறத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அடுக்குக் கோப்பைக் கேட்க முடியாது, கேட்டால் ஜாக்ருதிக்குச் சந்தேகம் வரும். கேதன் கண்ணில் பட்டுவிட்டதும், பழியைப் போட ஒரு ஆள் தேவைப்பட்டது.

தீபாவளிக்குப் பிறகு கூட்டு பிரிந்தது. பர்ணிகா கேதனுக்கு, தையல் எந்திரங்கள் பிபினுக்கு. அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் கேதனின் மனைவி அந்த வருஷம் தங்கைகள் அண்ணனுக்குப் பொட்டிடும் பாய்தூஜ் நாளில் யாருக்கும் பொட்டு வைக்கவில்லை என்று மீனல் சொன்னாள். அவள் மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். "அக்கா, அந்த மிக்சி விஷயம்..." என்று இழுத்தாள். "உனக்கு வேணும்னா அதே கடையில சொல்றேன், தவணைக்கே தருவான்" என்றாள் ஜாக்ருதி. அதோடு அது முடிந்தது.

ஆனால் கேமரா முடியவில்லை. கேதன் அதை எடுக்கச் சொல்லவே இல்லை. நன்றி என்று ஒரு வார்த்தையும் வரவில்லை. பையைத் திறப்பது மட்டும் நின்றது. ஒருநாள் அவளே போய்க் கேட்டாள்.

"கேதன் பாய், அந்தக் கேமரா இன்னும் எதுக்கு?"

அவர் நிமிராமலே சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க பென். அவ்வளவு நுணுக்கமா பார்க்கிறவங்களை, கொஞ்சம் தூரத்துல வச்சுப் பார்க்கறதுதான் எனக்கு நல்லது."

அவர் பயப்படுகிறார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு முதலாளியைப் பிடித்த கண் அடுத்தவரையும் பிடிக்கும். அவரிடம் பிடிபட ஏதாவது இருக்கிறதா என்று அவள் யோசித்தாள். யோசித்துவிட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. இப்படி ஒருவரை ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? ஹோலிக்கு முன்னால் வேலையை விட்டாள்.

மன்சுக் சேமிப்பை எடுத்து ஒரு பழைய கணினியும் நல்ல திரையும் வாங்கிக்கொடுத்தான். "நீ எடுக்கலையே" என்று கேட்டதற்கான அபராதம் என்று அவனே சொன்னான். வீட்டின் முன்னறையில், ஜன்னல் ஓரத்தில், பகல்வெளிச்ச விளக்கோடு அவள் உட்கார்ந்தாள். மீனல் சொல்லியும், மேட்சிங் கடை சொல்லியும், வராச்சா, கதோதரா பக்கத்துச் சின்னக் கடைகள் வந்தன. அவளிடம் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. படத்தில் இருக்கும் நிறத்தில் துணி உண்மையிலேயே இருக்க வேண்டும், துண்டு கைக்கு வந்தால்தான் வேலை தொடங்கும். முடிந்த படம் ஒரே ஓர் எண்ணுக்குத்தான் போகும், அந்த எண்ணை எழுதித் தர வேண்டும். சிலர் சிரித்தார்கள். சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். மிஞ்சியவர்களே போதுமாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. தொண்டையைச் செருமிய விதத்திலேயே யார் என்று தெரிந்துவிட்டது.

"ஜாக்ருதி பென், நல்லா இருக்கீங்களா? புது அனார்கலி ஒண்ணு எடுத்திருக்கேன், பாலாடை நிறந்தான். எட்டு நிறம் வேணும். நாலு பேர்கிட்ட கொடுத்துப் பார்த்தேன், கஞ்சி போட்ட மாதிரி வருது."

அவள் தனக்குள் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் முன்பு போலச் சுடவில்லை.

"எந்தக் கடைக்கு, பிபின் பாய்?"

"நம்ம கடைதான்."

"நம்ம கடைன்னு ஒண்ணு இல்ல. பேரு, யார் பேர்ல பதிவு, படம் எந்தப் பக்கத்துல வரும், மூணும் எழுதி அனுப்புங்க. கூட எட்டுத் துண்டும்."

"இன்னும் என்மேல சந்தேகமா?"

"ஆமா" என்றாள்.

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது. இரண்டு நாள் கழித்து, வாசலில் ஒரு பொட்டலம் வந்தது. எட்டுத் துண்டுத் துணி, ஒரு காகிதத்தில் பிபின் பாயின் கோணல் எழுத்தில் கடையின் பெயரும் பதிவெண்ணும். ஜாக்ருதி அந்தப் பதிவெண்ணைச் சரிபார்த்தாள். பிறகு முதல் துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.